மூன்று வெள்ளி, மூன்று படம்: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வளைகாப்புச் சீருக்கு வெள்ளி வாங்கவேண்டும், கையில் பதினாறு பதினேழாயிரம் இருக்கிறது என்று சொல்லி என் பெரியம்மா மகள் மூன்று படங்களை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

முதல் படம் நகரத்துக் கடை ஒன்றின் மெல்லிய கொலுசு. ‘925’ என்று முத்திரை. ஜோடி 62.40 கிராம், வரியெல்லாம் சேர்த்து 15,900 ரூபாய். இரண்டாவது சேலத்துக் கொலுசு, கொஞ்சம் கனமானது. திருகுக்குப் பக்கத்தில் ‘80’ என்று குத்தியிருக்கிறது. ஜோடி 85.20 கிராம். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, அன்றைய வெள்ளி ரேட்டே போதும் என்கிறார் கடைக்காரர்; மூன்று சதவீத வரியோடு 17,551 ரூபாய். மூன்றாவது, தெரிந்தவர் வீட்டில் விற்கிற பழைய வெள்ளி டம்ளர். அடியில் ‘92.500’ என்று பொறித்திருக்கிறது. 16,000 ரூபாய் கேட்கிறார்.

வெள்ளி ரேட் இப்போதெல்லாம் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகிறது. அதனால் கணக்கு புரிவதற்காக இந்தக் கட்டுரை முழுக்கக் கிராம் 200 ரூபாய் என்று ஓர் உருண்டை எண்ணையே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வாங்கும் நாளின் ரேட்டை அந்த இடத்தில் போட்டுக்கொண்டால் போதும், கணக்கின் போக்கு மாறாது.

படத்தில் தெரிகிற மொத்த விலையையோ, கிராம் விலையையோ வைத்து மூன்றையும் ஒப்பிட முடியாது. முதல் கொலுசு கிராமுக்கு 255 ரூபாய் ஆகிறது, இரண்டாவது 206. உடனே இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் ஒன்றில் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மற்றதில் 80 பங்குதான். மீதி பெரும்பாலும் செம்பு. செம்பையும் வெள்ளி விலைக்குச் சேர்த்துப் பார்த்தால் ஒப்பீடு கோணிவிடும். அதனால் நான் பார்ப்பது ஒரே ஓர் எண்தான்: அந்தப் பொருளுக்குள் இருக்கும் சுத்த வெள்ளி ஒரு கிராமுக்கு எவ்வளவு கேட்கிறார்கள்? எடையை டச்சால், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற எண்ணால், பெருக்கி நூறால் வகுத்தால் சுத்த வெள்ளி கிடைக்கும். கேட்கும் விலையை அதனால் வகுத்தால் அந்த எண் வந்துவிடும்.

இதற்கு வேண்டியவை இரண்டே தகவல்கள், டச்சும் எடையும். இரண்டும் படத்திலேயே இருக்கின்றன, ஆனால் இரண்டுமே படத்தில் நன்றாக ஏமாற்றும்.

முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது

கடைத்தெருவில் ‘டச்’ என்பது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு. 80 டச் என்றால் நூறு கிராமில் எண்பது கிராம் வெள்ளி. ஹால்மார்க் முத்திரை இதையே ஆயிரத்துக்குச் சொல்லும்: 800, 835, 925, 970, 990 என்று போகும். ஆகவே ‘92.5’ என்று குத்தியிருந்தாலும் ‘925’ என்று குத்தியிருந்தாலும் சொல்லப்படும் தரம் ஒன்றுதான். அதைச் சொல்வது யார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

வெறும் ‘925’ என்ற எண்ணை யாரும் குத்தலாம். அச்சு ஒன்று கையில் இருந்தால் போதும், கேட்க ஆளில்லை. அந்த எண் விற்பவரின் வாக்கு, அவ்வளவுதான். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்ஸின் ஹால்மார்க் வேறு சங்கதி. அதில் முக்கோண வடிவ பி.ஐ.எஸ் சின்னம் இருக்கும், கூடவே வெள்ளி என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், தர எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. இந்த ஆறு இலக்கக் குறியீடு, அதாவது ஹெச்.யூ.ஐ.டி, வெள்ளிக்கு 2025 செப்டம்பர் 1 முதல்தான் வந்தது. அதற்கு முன் ஹால்மார்க் செய்த பொருளில் குறியீடு இருக்காது. சின்னமும் தர எண்ணும், சோதித்த மையத்தின் அடையாளமும், கடையின் அடையாளமும் இருக்கும். தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயம், வெள்ளிக்கு விருப்பம் இருந்தால் செய்துகொள்ளலாம் என்றுதான் விதி. அதனால் ஹால்மார்க் இல்லாத வெள்ளி என்பதாலேயே அது போலி என்று சொல்லிவிட முடியாது. விற்பவர் சட்டத்தை மீறவும் இல்லை.

அக்கா அனுப்பிய முதல் படத்தில் ‘925’ மட்டுமே தெரிந்தது. கொக்கியின் உட்பக்கத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொன்னோம். லேசரில் பொறித்த முத்திரை எள்ளளவுதான் இருக்கும். வெளிச்சம் நேராக விழுந்தால் வெள்ளி பளபளத்து எல்லாம் அழிந்துபோகும், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸப் சுருக்கிவிடுகிறது என்பதால், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்வது நல்லது. அப்படி வந்த இரண்டாவது படத்தில் சின்னமும் குறியீடும் இருந்தன. பி.ஐ.எஸ் கேர் செயலியில் குறியீட்டைத் தட்டினோம். பொருள் கொலுசு, தரம் 925 என்று வந்தது. தரம் மட்டுமல்லாமல் பொருளின் வகையும் பொருந்துகிறதா என்று பார்ப்பது முக்கியம். ஒரு மோதிரத்தின் குறியீட்டைக் கொலுசில் பொறித்து வைத்திருந்தால் அங்கேதான் பிடிபடும்.

சேலத்துக் கொலுசில் ‘80’ என்ற எண்ணும், அதன் பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் மட்டும்தான். எழுத்துகள் கடையின் பெயர்ச் சுருக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறைகளில் செய்யும் கொலுசுகளில் இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். இதில் 80 என்று குத்தியிருப்பதே எனக்கு ஒரு வகையில் நல்ல அறிகுறியாகப் பட்டது. பொய் சொல்ல நினைப்பவர் 80 என்று குத்துவதைவிட 92.5 என்று குத்திவிடுவார். கொலுசு தினமும் தரையில் இடிபட்டு, வளையத்தோடு வளையம் உரசித் தேய்கிற நகை. செம்பு கூடினால் வெள்ளி கெட்டிப்படும் என்பதால் குறைந்த டச் என்பது கொலுசில் குறையே இல்லை. அதற்கு ஏற்ற விலையில் கிடைக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கொலுசில் ‘999’ என்று குத்தியிருந்தால் நான் அந்தப் படத்தை உடனே மூடிவிடுவேன். சுத்த வெள்ளி அவ்வளவு மென்மையானது. அதில் கண்ணி கோத்த கொலுசு காலில் நிற்காது. அதுபோலவே பி.ஐ.எஸ் சின்னத்தோடு ‘70’ அல்லது ‘700’ என்று கண்டாலும் நம்பவேண்டாம். ஹால்மார்க்கின் மிகக் கீழ்த் தரமே 800தான்.

எண்ணைத் தலைகீழாகப் படித்துவிடுவதும் உண்டு. கொலுசைத் திருப்பிப் பிடித்து எடுத்த படத்தில் ‘60’ என்பது ‘09’ ஆகத் தெரியும், ‘990’ என்பது ‘066’ ஆகத் தெரியும். பக்கத்திலிருக்கும் எழுத்துகள் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கின்றன என்று பார்த்து எண்ணைப் படிப்பதுதான் வழி.

டம்ளரின் அடியில் இருந்த எண்

“டம்ளர் 92.5 வெள்ளி தம்பி, அடியிலேயே போட்டிருக்கு” என்றார் அக்கா.

“தசமப் புள்ளிக்குப் பின்னாடி எத்தனை எண் இருக்குக்கா?”

“மூணு. 92.500.”

டச்சை யாரும் மூன்று தசமத்தில் எழுதுவதில்லை. பாத்திரங்களில் அடிப்பக்கம் எடையைப் பொறிப்பது நம் ஊர்க் கடைகளில் நெடுநாள் வழக்கம். கல்யாணத்துக்கும் சீருக்கும் போன பாத்திரம் நாளைக்குத் திரும்பி வரும்போது எவ்வளவு எடையில் போனது என்று தெரியவேண்டுமல்லவா? அந்த எடை கிராமிலும் மில்லிகிராமிலும் இருக்கும். பெரும்பாலும் கூர்முனையால் கையெழுத்துப் போலக் கீறியிருப்பார்கள். தர முத்திரை அச்சு வைத்து அடித்தது, கட்டம் கட்டியதுபோல ஒரே ஆழத்தில் இருக்கும். இந்த டம்ளரில் இருந்தது கீறல். விற்பவரும் நல்ல நம்பிக்கையோடுதான் 92.5 டச் என்று சொல்லியிருக்கிறார், எண் அப்படி அமைந்துவிட்டது. தராசில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னபோது 91.30 கிராம் வந்தது. வருடக்கணக்கில் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்ததில் ஒரு கிராமுக்கு மேல் கரைந்திருக்கிறது. அடியிலிருந்தது எடைதான் என்பதும், டச் என்னவென்று நமக்குத் தெரியாது என்பதும் இதோடு உறுதியாகிவிட்டன.

பழைய பாத்திரங்களின் அடியில் இன்னும் சில எழுத்துகள் ஆளை ஏமாற்றும். இ.பி.என்.எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது நிக்கல் கலவைமீது வெள்ளி முலாம் பூசிய பொருள். வெள்ளைக்காரர் காலத்துத் தட்டுகளிலும் கரண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களில் வேறு குறிகளும் இருக்கும், பார்ப்பதற்கு ஹால்மார்க் போலவே தோன்றும். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் பெயரில் மட்டுமே வெள்ளி உண்டு. உள்ளே இருப்பவை செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.

தராசின் திரையைப் படிப்பது

கொலுசில் எடையைப் பொறிப்பதில்லை. ஒன்று, நூலில் கட்டிய சீட்டில் இருக்கும்; அல்லது தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். சீட்டில் இரண்டு எடைகள் இருந்தால் ஒன்று மொத்த எடை, மற்றது கல், மீனா, நூல் எல்லாம் கழித்த நிகர எடை. விலை நிகர எடைக்குத்தான் போடவேண்டும். சலங்கைக்குள் இருக்கும் குண்டுமணிகளும், சில திருகுகளும் வெள்ளியாக இருப்பதில்லை. அவற்றை யாரும் கழித்துத் தருவதும் இல்லை. நிறையச் சலங்கை வைத்த கொலுசானால் இதையும் மனதில் வைத்துப் பேரம் பேசலாம்.

தராசுப் படத்தில் எனக்கு வந்த சிக்கல் இதைவிட வேடிக்கையானது. சேலத்துக் கொலுசின் முதல் படத்தில் எடை 65.20 என்று தெரிந்தது. கடைக்காரர் சொன்னதோ 85.20. இருபது கிராம் வித்தியாசம். கணக்கில் நாலாயிரம் ரூபாய்! இந்தத் திரைகளில் சிவப்பு எண்கள் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் எரிவதில்லை, மாறி மாறி மிக வேகமாக எரிந்து அணைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. கேமரா ஒரு நொடியின் சின்னஞ்சிறு துணுக்கை மட்டும் பிடிப்பதால், அந்த நேரத்தில் அணைந்திருந்த ஒரு கோடோ ஓர் இலக்கமோ படத்தில் காணாமல் போய்விடும். 8-இன் வலது மேல் கோடு விடுபட்டால் அது 6. நடுக்கோடு விடுபட்டால் 0. புள்ளி விடுபட்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஒரே மருந்து, படத்துக்குப் பதில் பத்து நொடி வீடியோ கேட்பதுதான். வெறும் தட்டில் 0.00 தெரியவேண்டும். பிறகு இரண்டு கொலுசையும் வைத்து எண் நிற்கும்வரை காட்டவேண்டும். வெறும் தட்டைக் காட்டாத படத்தில் டப்பாவின் எடை சேர்ந்திருக்கிறதா என்று தெரியாது. ஒத்தைக் கொலுசின் எடையா ஜோடியின் எடையா என்பதும் அப்போதே தெளிவாகிவிடும். வீடியோவில் 85.20தான் வந்தது, ஜோடிக்கு.

இப்போது கணக்கு

முதல் கொலுசில் 62.40 கிராமுக்கு 92.5 டச்சில் சுத்த வெள்ளி 57.72 கிராம். 15,900-ஐ அதனால் வகுத்தால், சுத்த வெள்ளி ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 275 ரூபாய். வரியைக் கழித்துப் பார்த்தால் வெள்ளியின் மதிப்பு 11,544, மீதி ஏறக்குறைய 3,900 வேலைக்கும் கடைக்கும். வெள்ளி மதிப்பின்மேல் மூன்றில் ஒரு பங்கு.

சேலத்துக் கொலுசில் 85.20 கிராமுக்கு 80 டச்சில் 68.16 கிராம். 17,551-ஐ வகுத்தால் 257 ரூபாய். முதலாவதைவிடக் குறைவுதான், ஆனால் “செய்கூலி இல்லை” என்ற சொல் இங்கே என்ன செய்கிறது என்று பாருங்கள். 68.16 கிராம் வெள்ளியின் மதிப்பு 13,632. வரிக்கு முன் வாங்குவது 17,040. ஆக 3,408 ரூபாய், அதாவது வெள்ளி மதிப்பின்மேல் சரியாக 25 சதவீதம், கூலியாகவே போகிறது. 80 டச் பொருளை முழு வெள்ளி ரேட்டுக்குப் பில் போட்டாலே இந்த 25 தானாக வந்துவிடும், வேறு எதுவும் சேர்க்கவேண்டாம். 70 டச்சானால் 43 சதவீதம் ஆகிவிடும். இதில் ஏமாற்று ஏதும் இல்லை. பட்டறைக்கும் கடைக்கும் கூலி வேண்டாமா? ஆனால் இதற்கு மேல் சேதாரம் என்று பத்துச் சதவீதம் எழுதுகிற கடையில் அதே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்கிறோம்.

சேலத்துக் கொலுசின் 257 என்ற எண், அந்த ‘80’ உண்மையாக இருந்தால்தான். உண்மையில் 70 என்றால் சுத்த வெள்ளி 59.64 கிராமாகக் குறைந்து, கிராம் 294 ரூபாய் ஆகிவிடும். அப்போது ஹால்மார்க் கொலுசே மலிவு. எந்த டச்சில் இரண்டும் சமமாகும் என்று கணக்குப் போட்டேன். ஏறக்குறைய 75 வருகிறது. அதாவது கடைக்காரரின் வாக்கு ஐந்து டச் வரை பிசகினாலும் சேலத்துக் கொலுசு தோற்காது. அதற்கு மேல் பிசகினால் தோற்கும். இரண்டு கொலுசுக்கும் நடுவில் தீர்மானிக்கவேண்டியது இந்த ஒன்றைத்தான்: அந்தக் கடையை ஐந்து டச் அளவுக்கு நம்பலாமா?

மெஷினில் டச் பார்த்துவிடலாமே என்று அக்கா கேட்டார். எக்ஸ்ரே மெஷினில் வைத்து நொடியில் சொல்லிவிடுகிறார்கள், செலவும் பெரிதில்லை. ஆனால் அது மேற்பரப்பை மட்டும் பார்க்கும். புதுக் கொலுசை அமிலத்தில் போட்டு வெளுப்பெடுக்கும்போது மேலே இருக்கும் செம்பு கரைந்துபோய், மெல்லிய தோலாக அதிக வெள்ளி நிற்கும். சிலவற்றுக்கு மேலே முலாமும் உண்டு. அதனால் புதுக் கொலுசில் மெஷின் கூடுதலாகவே காட்டப் பார்க்கும். உட்பக்கம் ஓரிடத்தில் லேசாகச் சுரண்டிவிட்டு வைத்தால்தான் நம்பலாம். புதுப் பொருளைச் சுரண்ட எந்தக் கடையும் விடாது என்பது வேறு விஷயம். தவிர, கொலுசில் ஒவ்வொரு கண்ணியும் பற்றவைக்கிற பொடி வைத்து ஊதி ஒட்டியது. பொடியில் வெள்ளி குறைவு. கண்ணியில் 80 இருந்தாலும் மொத்தமாக உருக்கினால் அதைவிடக் கொஞ்சம் குறைந்துதான் வரும். பழைய கொலுசை எடுக்கிறவர்கள் டச்சைக் குறைத்துப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டம்ளரின் கணக்கு ஏன் வேறு

டம்ளரின் டச் தெரியாது, ஆனால் அதற்குச் செய்கூலியும் வரியும் இல்லை. 91.30 கிராமை 90 டச் என்று எடுத்தால் சுத்த வெள்ளி கிராம் 195 ரூபாய்க்கு வருகிறது, ரேட்டைவிடக் குறைவு. 80 என்று எடுத்தால் 219. 70 என்றே எடுத்தாலும் 250 ஆகி, இரண்டு கொலுசையும்விட மலிவாக நிற்கிறது. அப்படியானால் டச் இங்கே உயிர்போகிற கேள்வி இல்லை. இது வெள்ளிதானா, வெள்ளி முலாமா என்பதுதான் பயம். முலாமாக இருந்தால் பதினாறாயிரமும் தண்ணீரில் போட்டதுதான்.

அதையும் விற்பவர் வீட்டிலேயே, அதே தராசில், ஒரு படத்தில் பார்த்துவிடலாம். தராசின்மேல் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கவேண்டும். டம்ளரை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடவேண்டும். நூலைக் கையில் பிடித்திருக்கும்போது திரையில் வருகிற எண், டம்ளர் ஒதுக்கிய தண்ணீரின் எடை. வெள்ளி கனமான உலோகம், ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தரைக் கிராம். ஆகவே இந்த 91.30 கிராம் டம்ளர் 90 டச் வெள்ளியானால் திரையில் 8.85 கிராம் அளவுக்கு வரும். 80 டச்சானால் 9.0. ஜெர்மன் சில்வர், பித்தளை போன்றவை வெள்ளியைவிட லேசு. அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும் என்பதால் பத்தரை அளவுக்கு வரும்.

ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவில் தெளிவான இடைவெளி இருக்கிறது, அதனால் வெள்ளியா இல்லையா என்பதை இந்தச் சோதனை நன்றாகச் சொல்லும். 80-ஆ 90-ஆ என்பதை இதனால் சொல்ல முடியாது. டம்ளருக்குள் ஒட்டிய இரண்டு காற்றுக்குமிழி போதும், அந்த வித்தியாசத்தை விழுங்கிவிட. விளிம்பை மடித்துச் சுருட்டிய டம்ளரில் மடிப்புக்குள் காற்று அடைபட்டிருந்தாலும் எண் கூடிவிடும். குத்துவிளக்கில் இதைச் செய்யவே கூடாது. அடித்தட்டுக்குள் அரக்கோ மெழுகோ அடைத்திருக்கும். தண்ணீர்க் கணக்கும் தப்பாகும், தராசு எடையும் வெள்ளியின் எடையாக இருக்காது. குழிவான சாமி உருவங்களுக்கும் இதுவேதான். அடைப்பு உள்ள பொருளைப் படத்தை வைத்து விலை பேசவே நான் முன்வரமாட்டேன்.

அந்த டம்ளருக்கு 8.9 வந்தது. விளிம்பிலும் அடி வளையத்திலும் தேய்ந்த இடங்களைக் கிட்டத்தில் எடுத்த படத்தில் மஞ்சள் நிறம் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிதான்.

கேட்க வேண்டிய விலை

நியாயமான விலை என்று நான் வைத்துக்கொள்வது இப்படி: எனக்கு உறுதியாகத் தெரிந்த டச்சில் வெள்ளி மதிப்பு, அதன்மேல் 25 சதவீதம் கூலி, அதன்மேல் வரி. 25 என்பது என் எல்லைதான், யாரும் விதித்ததில்லை. நுண்ணிய கைவேலைக்கு இன்னும் கொடுக்கலாம், மெஷினில் பின்னிய சாதாரணக் கொடிக்கு இதுவே அதிகம்.

ஹால்மார்க் கொலுசுக்கு டச்சில் சந்தேகமில்லை. 11,544-ன்மேல் கூலியும் வரியும் போட்டால் 14,860 வருகிறது. கேட்கும் 15,900-த்தில் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லலாம். குறைக்காவிட்டாலும் பெரிய அநியாயம் இல்லை, சோதனைக்கும் நிம்மதிக்கும் சேர்த்துக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளலாம். சேலத்துக் கொலுசின் ‘80’ வாய்வார்த்தையாக இருக்கும்வரை நான் 75 என்றே கணக்குப் போடுவேன். 63.9 கிராம், 12,780 ரூபாய், கூலியும் வரியும் சேர்த்து 16,450. கடைக்காரர் பில்லில் ‘80 டச், நிகர எடை 85.20’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவர் கேட்கும் 17,551-ஐயே கொடுத்துவிடலாம், ஏனென்றால் அப்போது அது 80-இல் போட்ட 25 சதவீதக் கணக்குக்குச் சரியாக வருகிறது. டம்ளருக்குக் கூலி கிடையாது. 80 டச் வைத்து 14,600 சொல்லலாம், மெஷினில் பார்த்து 90 வந்தால் அவர் கேட்ட பதினாறாயிரமே கொடுக்கலாம். பழைய பொருள் என்பதால் அடியில் சுரண்டிப் பார்ப்பதில் யாருக்கும் வருத்தமும் இராது.

மூன்றில் பணம் அதிகம் கையில் நிற்பது டம்ளரில்தான். நாளைக்கு விற்றாலும் கொடுத்ததற்குக் கிட்டத்தட்டத் திரும்பி வரும். கொலுசில் எதை வாங்கினாலும் கூலியும் வரியும் அன்றைக்கே போய்விடுகிறது. ஆனால் வளைகாப்புப் பெண்ணின் காலில் டம்ளரைப் போட முடியாதே! போட்டு நடமாடத்தான் சீர் என்றால் என் கை சேலத்துக் கொலுசின் பக்கம் போகும். கனம் இருக்கிறது, கெட்டியாக உழைக்கும், அறுந்தால் ஊரில் எந்தப் பத்தரும் பற்றவைத்துக் கொடுப்பார். பில்லில் டச் எழுத மறுத்தால் மட்டும் ஹால்மார்க் கொலுசு.

அக்கா கடைக்குப் போன் செய்து கேட்டார். 80 என்று எழுதித் தருகிறோம், ஆனால் திரும்ப எடுக்கும்போது 72-ஆகத்தான் எடுப்போம் என்றார்களாம். பொடிக்கும் உருக்கும்போது குறைவதற்கும் எட்டு டச் என்பது கொஞ்சம் அதிகம். 75-ஆக எடுப்பதாகவும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒத்துக்கொண்டால் எடுத்துவிடுவார்.